சுவரில் படரும் கறுப்பு: வர்ணம் பூசுமுன் ஈரம் வரும் வழியைத் தேடுங்கள்

பெருநாள் நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் வெள்ளையடிப்பு வேலை தொடங்கிவிடும். ஆண்டு முழுவதும் பீரோவுக்குப் பின்னாலும் திரைச்சீலைக்கு மறைவிலும் ஒளிந்திருந்த கறுப்புத் திட்டுகள் அப்போதுதான் கண்ணில் படும். வர்ணம் பூசுபவர் வருவார், சுரண்டுவார், பட்டி வைத்துத் தேய்ப்பார், இரண்டு கை வர்ணம் பூசிவிட்டுப் போவார். பெருநாள் அன்று சுவர் பளிச்சென்று இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில், சில வேளைகளில் முன்னிலும் பெரிதாக, அந்தக் கறுப்பு மீண்டும் எட்டிப் பார்க்கும்.

கீழக்கரையில் என் ராத்தா ஒருவர் இருக்கிறார். மச்சானுக்குத் துபையில் வேலை. வீடு கட்டி இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. 2023ஆம் ஆண்டு நோன்பு தொடங்க ஒரு மாதத்துக்கும் மேல் இருந்தபோது அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தம்பி, மூணு பெருநாளைக்கு மூணு தடவை பெயிண்ட் அடிச்சாச்சு. போன தடவை 'வாட்டர் புரூஃப்'னு சொல்லி ஒண்ணுக்கு ரெண்டாகக் காசு வாங்கினாங்க. இப்ப கறுப்பு இன்னும் மேலே ஏறியிருக்கு. பேரனுக்கு அந்த அறையிலே படுத்தால் இரவெல்லாம் இளைப்பு. பெருநாள் கழிச்சு சின்னவளுக்கு நிக்காஹ். கல்யாண வீடு இப்படி இருந்தா எப்படி?"

கட்டடப் பணியில் பல காலம் கழித்தவன் என்பதால் என்னை அழைத்தார். நான் போய்ப் பார்த்தது ஒரே வீட்டில் மூன்று கறைகள். படுக்கையறைச் சுவரில் ஒன்று, அதே அறையின் கூரை மூலையில் ஒன்று, வெளியே நடையில் மற்றொன்று. மூன்றையும் ஒரே நோய் என்று கருதி ஒரே மருந்தைப் பூசியிருந்தார்கள். உண்மையில் மூன்றுக்கும் காரணம் மூன்று வேறு நீர்கள்.

வர்ணம் ஏன் தோற்றுப்போகிறது?

சுவரில் தோன்றும் கறுப்புப் புள்ளிகள் பெரும்பாலும் பூஞ்சணம். அதன் வித்துகள் காற்றில் எப்போதும் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்க எவராலும் இயலாது. ஆனால் அவை முளைக்க ஈரம் வேண்டும். ஈரம் அற்ற சுவரில் அவை தூசியாகக் கிடக்கும்; ஈரம் கண்ட சுவரில் வர்ணத்தையும் அதில் படிந்த அழுக்கையும் உணவாக்கிக்கொண்டு படரும். ஆகவே கறுப்பை அழித்துவிட்டு ஈரத்தை விட்டுவைத்தால், செடியை வெட்டிவிட்டு வேரை விட்டுவைத்த கதைதான்.

நீர்புகா வர்ணத்தை உட்புறம் பூசுவது நிலைமையை இன்னும் மோசமாக்கலாம். சுவருக்குள் புகுந்துவிட்ட நீர் ஆவியாகித்தான் வெளியேற வேண்டும். அந்த வழியை நீர்புகாப் படலம் அடைத்துவிடுகிறது. நீர் படலத்தைத் தள்ளிக் கொப்புளமாக்கும். அல்லது படலம் முடியும் இடம்வரை மேலே ஏறி, அங்கே வெளிப்படும். ராத்தா வீட்டில் கறுப்பு மேலே ஏறியதன் காரணம் இதுதான்.

இந்தப் பூஞ்சணம் வெறும் அழகுக் குறையும் அன்று. உலக சுகாதார நிறுவனம் வீட்டு ஈரம், பூஞ்சணம் ஆகியவை பற்றி 2009ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நூல், ஈரம் மிகுந்த வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுக்குழல் தொல்லைகளும் ஆஸ்துமாவும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்று கூறுகிறது. இளைப்புள்ள குழந்தையை அந்த அறையிலிருந்து மாற்றிப் படுக்கவைக்கும்படிதான் நான் முதலில் சொன்னேன்.

கறையைச் சுற்றி ஒரு பென்சில் கோடு

ஈரத்தைத் தேடுவதற்கு முதல் கருவி ஒரு பென்சில். கறையின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை பாருங்கள். கறை கோட்டைத் தாண்டினால் புதுக் கோடு போட்டுப் புதுத் தேதி எழுதுங்கள். மழை பெய்த நாள்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படுக்கையறைச் சுவரின் கறை மூன்று வாரத்தில் இரண்டு விரற்கடை வளர்ந்தது. அந்த மூன்று வாரமும் ஒரு சொட்டு மழை இல்லை. கூரை மூலைக் கறையோ இருந்த இடத்தில் நின்று, வெளிறிக்கொண்டு வந்தது. முதலாவது மழை நீர் அன்று என்பதும், இரண்டாவது மழையோடு தொடர்புடையது என்பதும் இவ்வளவில் தெளிவாயின.

அடுத்தது கறை இருக்கும் இடமும் வடிவமும். கடலோர ஊர் என்பதால் கொத்தனார், "தரையிலிருந்து ஓதம் ஏறுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தரை ஓதத்துக்கென்று அடையாளங்கள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறும். அது சுவரின் அடிப்பாகம் நெடுகிலும் ஒரு பட்டைபோல் படியும். பெரும்பாலும் மூன்றடி, நாலடி உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல் விளிம்பில் வெள்ளையாய் உப்புப் பூத்துக் காரை பொரிந்து உதிரும். உப்பு மிகுந்த அந்த இடத்தில் கறுப்புப் பூஞ்சணம் முளைப்பது அரிது. வெள்ளைப் பூச்சு உப்பா, பூஞ்சணமா என்ற ஐயம் எழுந்தால் சிறிது சுரண்டி ஒரு கரண்டித் தண்ணீரில் போடுங்கள். உப்பானால் கரைந்துவிடும்.

ராத்தா வீட்டுக் கறை தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொடங்கி, தீவுபோல் தனியாக நின்றது. அதற்குக் கீழே சுவர் ஓரளவு உலர்ந்தே இருந்தது. நெடுகிலும் பட்டை இல்லை, உப்பும் இல்லை. நான் சுவரின் மறுபக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே குளியலறை. கறைக்கு நேர் பின்னே ஒளுச் செய்யும் குழாய்!

பாலித்தீன் தாள் சொல்லும் சாட்சி

ஐயத்தைச் சோதிக்காமல் சுவரை உடைக்கக் கூடாது. ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பாலித்தீன் தாளை வெட்டி, கறையின்மேல் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். சுவர் மிக ஈரமாக இருந்து நாடா ஒட்டவில்லையெனில் அந்த ஓரத்தைத் துணியால் துடைத்துச் சற்று உலரவிட்டு ஒட்டலாம். இரண்டு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள்.

தாளின் உட்புறம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம், நீர்த்துளிகள் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையை நோக்கிய வெளிப்பக்கம் துளிர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். குளிர்ந்த சுவரில் பட்டு நீராகியிருக்கிறது.

படுக்கையறைச் சுவரில் உட்புறம் துளிகள் நின்றன. நடையில் இருந்த கறையில் ஒட்டிய தாளோ அதிகாலையில் வெளிப்புறம் நனைந்திருந்தது. அந்த நடைச் சுவருக்கு மறுபக்கம் மருமகனின் ஏ.சி. அறை. இரவு முழுவதும் ஏ.சி. ஓடும்போது சுவர் குளிர்ந்துவிடுகிறது. கடற்காற்றின் ஈரம் நடைப் பக்கத்தில் வந்து அதன்மேல் துளிர்க்கிறது. குளிர்ந்த சொம்பின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போன்றதே இது. இங்கே குழாயும் இல்லை, ஓட்டையும் இல்லை. உடைக்க வேண்டிய தேவையும் இல்லை. குளிரை 20 பாகையிலிருந்து 26 பாகைக்கு ஏற்றினார்கள். நடையில் சுவரோடு ஒட்டியிருந்த மர அலமாரியை நாலு விரற்கடை தள்ளி வைத்துக் காற்றோட்டம் விட்டார்கள். அதன்பின் அங்கே துளிர்ப்பு நின்றது.

தொட்டியில் ஓர் இரவு

குளியலறையிலிருந்து நீர் வருகிறது என்றால் அடுத்த வினா: எந்தக் குழாய்? குளியலறையில் இரண்டு வகைக் குழாய்கள் உண்டு. நல்ல தண்ணீர்க் குழாயில் இரவும் பகலும் நீர் அழுத்தத்தோடு நிற்கும். அது கசிந்தால் ஓயாமல் கசியும். கழிவு நீர்க் குழாயோ நாம் பயன்படுத்தும் போது மட்டுமே நனையும்.

நல்ல தண்ணீர்க் குழாயைச் சோதிக்க மேல்நிலைத் தொட்டியே போதும். இஷாத் தொழுகைக்குப் பின் எல்லோரும் வேலைகளை முடித்ததும் மோட்டாரை நிறுத்தினோம். கழிவறைத் தொட்டிக்குப் போகும் சிறு திருகையும் மற்ற எல்லாக் குழாய்களையும் மூடினோம். மேல்நிலைத் தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு கோடு கிழித்து மூடியைச் சாத்தினோம். மறுநாள் ஃபஜ்ருக்கு முன், ஒருவரும் ஒளுச் செய்யக் குழாயைத் திறப்பதற்கு முன்னரே, மேலே ஏறிப் பார்த்தோம். நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது.

ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றலாம். தொட்டி நாலடிக்கு நாலடி. அந்தப் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஏறக்குறைய 15 லிட்டர். எட்டு மணி நேரத்தில் ஒரு குடத்து நீர் ஒருவரும் தொடாமல் மறைந்திருக்கிறது! இரண்டாம் இரவு, அந்தக் குளியலறைக்குப் போகும் கிளைக் குழாயின் வால்வை மட்டும் மூடிவிட்டு மீண்டும் கோடு கிழித்தோம். காலையில் நீர் கோட்டைவிட்டு இறங்கவில்லை. குற்றவாளி அந்தக் கிளையில்தான் இருந்தது.

நீர்மட்டம் இறங்காமலே கறை வளர்ந்தால் கழிவு நீர்க் குழாயையோ, குளியலறைத் தளத்தின் ஓட்டு இடுக்குகளையோ ஐயப்பட வேண்டும். அப்போது தரைத் துவாரத்தைத் துணியால் அடைத்து, ஓர் அங்குல உயரம் நீர் தேக்கி, ஒரு நாள் விட்டுப் பார்ப்பார்கள்.

ஒளுக் குழாய்க்குக் கீழே இரண்டு ஓடுகளை மட்டும் பெயர்த்தோம். பழைய இரும்புக் குழாயின் முழங்கை இணைப்பு துருப்பிடித்து, ஊசிமுனை அளவுத் துளையிலிருந்து நீர் பொடிந்துகொண்டிருந்தது. அந்த ஓர் இணைப்பை மட்டும் மாற்றினால் போதும் என்றார் பிளம்பர். ஒன்று துருப்பிடித்தால் அதே வயதுடைய மற்றவையும் அடுத்தடுத்துப் பிடிக்கும். ஆகவே அந்தக் கிளை முழுவதையும் சி.பி.வி.சி. குழாயாக மாற்றச் சொன்னேன். ஓடு பதிப்பதற்கு முன் அழுத்தப் பம்பைப் பொருத்தி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று இரண்டு மணி நேரம் பார்த்தோம். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒருபோதும் குழாயைச் சுவருக்குள் மறைக்க விடாதீர்கள்.

கூரை மூலையில் நின்ற கறை

கூரைக் கறைக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகையில் தோன்றித் தை, மாசியில் வெளிறும் கறைக்குப் பழுப்பு வளையங்கள் இருக்கும். ஒவ்வொரு மழையும் நனைத்து உலர்ந்த எல்லைகள் அவை. அத்தகைய கறையைக் கண்டால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும்.

ஆனால் கறைக்கு நேர் மேலேதான் வெடிப்பு இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தட்டோட்டின் அடியில் புகுந்த நீர் சரிவைத் தேடிச் சில அடிகள் நகர்ந்து, காங்கிரீட்டில் இளகிய இடம் கண்ட பிறகே கீழிறங்கும். மின்கம்பிக் குழாய் வழியாகவும் ஓடி, மின்விசிறிக் கொக்கியில் சொட்டும். அவ்வாறு சொட்டினால் முதலில் அந்த அறையின் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள்.

ராத்தா வீட்டு மாடியில் மழைநீர் இறங்கும் தூம்பு வாயை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. நீர் அங்கே குளம்போல் நின்று, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையிலிருந்த முடி அளவு வெடிப்பில் புகுந்திருக்கிறது. தூம்பை அடைத்து இரண்டு அங்குல நீரை ஒரு நாள் தேக்கியபோது, வெளிறியிருந்த கறை மறுநாள் மீண்டும் இருண்டது. ஐயம் உறுதியாயிற்று. மரக்கட்டை வைத்துச் சுண்ணாம்பில் போட்ட பழைய தளங்களில் இவ்வாறு நீரைத் தேக்க வேண்டாம், பாரம் தாங்காது.

கோடையில் அந்த மூலையைக் கொத்தி, வெடிப்பை நிரப்பி, சுவரும் தளமும் செங்குத்தாகச் சந்திக்காதபடி சாய்வாகக் காரை பூசி, அதன்மேல் நீர்காப்புப் பூச்சை இட்டோம். நீர்காப்புப் பூச்சின் இடம் நீர் நுழையும் பக்கம். வெளிப்படும் பக்கம் அன்று. அறைக்குள் செலவழித்த பணம் மாடியில் செலவழிக்க வேண்டியதாக இருந்தது.

கூரைக் காரை தட்டினால் பொத்தென்று ஒலித்தாலோ, துருக்கறை கோடுகளாக ஓடினாலோ, கம்பி வெளியே தெரிந்தாலோ அது வர்ணக்காரரின் வேலையும் அன்று. கொத்தனாரின் வேலையும் அன்று. பொறியாளரை அழையுங்கள். அதுவரை அதன்கீழ் தொட்டில் கட்டாதீர்கள், படுக்கையும் விரிக்காதீர்கள்.

காத்திருப்பதே கடினம்

குழாய் சரியாயிற்று, மாடியும் சரியாயிற்று. "இனிப் பெயிண்ட் அடிக்கலாம் இல்லையா?" என்றார் ராத்தா. "இல்லை, ராத்தா. கசிவு நின்றதே தவிர, சுவர் குடித்த நீர் உள்ளேதான் இருக்கிறது" என்றேன். ஊறிய செங்கல் சுவர் நல்ல காற்றோட்டத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் உலரும் என்பது கட்டடப் பணியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. அது ஒன்பதங்குலச் சுவர். மறுபக்கம் ஓடு பதித்திருப்பதால் ஒரு பக்கமாகத்தான் உலர வேண்டும்.

கறையின் எல்லைக்கு ஓரடி வெளியே வரை காரையைக் கொத்தி எடுத்து, செங்கல் தெரியும்படி விட்டோம். நிக்காஹ் நாளிலும் சுவர் அப்படியேதான் நின்றது. ராத்தாவுக்கு மனம் ஒப்பவில்லை. "சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பாங்க?" என்று கண் கலங்கினார். முடிவில் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி ஒரு திரையைத் தொங்கவிட்டோம். காற்றும் போயிற்று, மானமும் காப்பாற்றப்பட்டது.

ஜூன் மாதம் பாலித்தீன் தாளை மீண்டும் ஒட்டினோம். துளிகள் கோத்தன. காத்திருந்தோம். ஆகஸ்ட் இறுதியில் ஒட்டிய தாள் இரண்டு நாள் கழித்தும் உலர்ந்தே இருந்தது. அதன்பிறகே புதுக் காரை பூசினோம். ஏழு நாள் நீராற்றி, மேலும் நான்கு வாரம் உலரவிட்டு, அக்டோபரில் வர்ணம் பூசினோம்.

காரையைக் கொத்தாத இடங்களிலிருந்த பூஞ்சணத்தை முன்னரே கழுவியிருந்தோம். உலர்ந்த நிலையில் அதைச் சுரண்டக் கூடாது; வித்துகள் வீடெங்கும் பறக்கும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, ஜன்னல்களைத் திறந்து வைத்து, சோப்பு நீரில் நனைத்துத் துடைக்க வேண்டும். பின்னர் நாலு லிட்டர் நீரில் ஒரு கோப்பைக்கு மிகாமல் பிளீச்சிங் திரவம் கலந்து பூசிக் காயவிடலாம். கழிவறை கழுவும் அமிலத்தையோ அம்மோனியா கலந்த திரவத்தையோ அதனுடன் ஒருபோதும் சேர்க்காதீர்கள். எழும் நச்சு வாயு நுரையீரலைச் சிதைக்கும். இளைப்புள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

அந்த ஆண்டின் மழைக்காலம் வந்து போயிற்று. தை மாதம் போய்ப் பார்த்தேன். மூன்று இடங்களிலும் சுவர் சுத்தமாக இருந்தது. பேரன் தன் பழைய அறைக்கே திரும்பியிருந்தான். இரவு இளைப்பு குறைந்திருக்கிறது என்றார் ராத்தா. தொட்டியின் உட்சுவரில் நாங்கள் கிழித்த கோடு இன்னும் அழியவில்லை. மாதம் ஒருமுறை இரவில் அந்தக் கோடு வரை நீரை நிரப்பி, காலையில் பார்த்துக்கொள்வதை ராத்தா வழக்கமாக்கிக்கொண்டாராம்.

"இந்தப் பெருநாளைக்குப் பெயிண்ட் அடிக்கலையா, ராத்தா?" என்று கேட்டேன்.

"எதுக்கு, தம்பி? சுவர்தான் நல்லா இருக்கே" என்றார்.